கோடுகள் காட்டும் உண்மை

தில்லிக்கு அருகே கிரேட்டர் நொய்டாவில் புத் பன்னாட்டுப் பந்தயத்தடம் உள்ளது. 2011 முதல் 2013 வரை அங்கு ஃபார்முலா ஒன் பந்தயங்கள் நடைபெற்றன. ஒரு சுற்றின் நீளம் 5.125 கி.மீ. அதன் மூன்றாம் வளைவு கொண்டை ஊசி போன்றது. அவ்வளைவைக் கடந்ததும் ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நேர்பாதை தொடங்கும்.

கணினி விளையாட்டில் இத்தடத்தில் கார் ஓட்டும் மாணவன் ஒருவனைக் கற்பனை செய்வோம். அவன் தன் நண்பனைவிட 0.25 நொடி பின்தங்குகிறான். நேர்பாதையில்தான் பின்தங்குவதாக உணர்வதால், தன் காரின் வேகம் குறைவு என்று எண்ணுகிறான். அது சரியா?

விடையை டெலிமெட்ரி கூறும். காரின் வேகம், பிரேக், ஆக்சிலரேட்டர் ஆகியவற்றின் அளவுகளைத் தொடர்ந்து பதிவு செய்து கோடுகளாக வரைவதே டெலிமெட்ரி. இருவர் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஒப்பிட வேண்டும். கிடை அச்சில் நேரத்தை அன்றி, கடந்த தூரத்தையே குறிக்க வேண்டும். அப்போதுதான் தடத்தின் ஒரே இடத்தில் இருவரும் செய்தவை நேருக்கு நேர் தெரியும்.

முதலில் கால வேறுபாட்டுக் கோட்டைக் காண்க. அது மேலே ஏறும் இடங்களில் மாணவன் நேரத்தை இழக்கிறான். கீழே இறங்கும் இடங்களில் ஈட்டுகிறான். மூன்றாம் வளைவை நெருங்கும்போது அக்கோடு 0.1 நொடி இறங்குகிறது. அவன் நண்பனைவிடத் தாமதமாகப் பிரேக் அழுத்தியதே காரணம். ஆனால் வளைவுக்குள் 0.15 நொடி ஏறுகிறது. நேர்பாதை முழுவதும் சிறிது சிறிதாக மேலும் 0.2 நொடி ஏறுகிறது.

இனி ஆக்சிலரேட்டர் கோட்டைக் காண்க. மிகுந்த வேகத்துடன் வளைவினுள் நுழைந்ததால் கார் வெளிப்புறமாக விலகியது. எனவே அவன் நண்பனைவிட 20 மீட்டர் தள்ளியே ஆக்சிலரேட்டரை முழுமையாக அழுத்தினான். வளைவின் முடிவில் நண்பனின் வேகம் மணிக்கு 96 கி.மீ.; இவனது வேகம் 90 கி.மீ. இக்குறைவு நேர்பாதை நெடுகிலும் அவனைத் தொடர்ந்தது. இழப்பு பெருகிய இடம் நேர்பாதை. பிழை நேர்ந்த இடமோ வளைவு.

காரே காரணமாயின் கோடுகள் வேறுவிதமாக அமையும். வளைவின் முடிவில் இருவர் வேகமும் ஒன்றாக இருந்து, நேர்பாதையில் மட்டும் வேகக் கோடுகள் மேன்மேலும் விலகிச் செல்லும். இங்கோ, தொடக்கத்தில் இருந்த இடைவெளி நேர்பாதையின் இறுதியில் குறைந்துவிடுகிறது.

ஒப்பிடும் இரு சுற்றுகளிலும் கார், எரிபொருள் அளவு, டயர் ஆகியவை ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையெனில் ஓட்டுநரின் பிழையையும் காரின் குறையையும் பிரித்தறிய இயலாது.

சிந்தித்து விடையளி: அம்மாணவன் சற்று முன்னதாகவே பிரேக் அழுத்தினால், நேர்பாதையில் அவனது கால வேறுபாட்டுக் கோடு எவ்வாறு மாறும்?