உண்டியலுக்குப் போன டாலர்

இலங்கை ஏற்றுமதியில் ஈட்டுவதைவிட இறக்குமதிக்குச் செலவிடுவது பல ஆண்டுகளாகவே அதிகம். இந்த வணிகப் பற்றாக்குறையை அடைத்துவந்ததில் பெரும்பங்கு, வளைகுடா நாடுகளில் வீட்டுவேலையும் கட்டட வேலையும் செய்வோர் அனுப்பும் பணத்துக்கு உண்டு. 2020-இல் வந்த தொகை சுமார் 710 கோடி டாலர். அவ்வாண்டின் வணிகப் பற்றாக்குறை ஏறத்தாழ 600 கோடிதான். திருப்பிக் கொடுக்க வேண்டாத, வட்டியும் இல்லாத வரவு என்பதால், நடப்புக் கணக்கில் இதற்கு இணையான தாங்கல் வேறில்லை.

அடுத்த ஆண்டே இது 550 கோடியாகவும், 2022-இல் 380 கோடியாகவும் சரிந்தது. வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பிவிட்டதால் வந்த சரிவல்ல இது. பெரும்பகுதி பணம் வழி மாறிப் போனதால் வந்தது. மத்திய வங்கி டாலரின் விலையை 200 ரூபாயை ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. வெளிச் சந்தையில் அது 240 ரூபாய் வரை போனது. வங்கி வழியாக 500 டாலர் அனுப்பினால் வீட்டுக்கு ஒரு லட்சம் ரூபாய். உண்டியல்காரரிடம் கொடுத்தால் ஒரு லட்சத்து இருபதாயிரம். வங்கி வழி அனுப்புவோருக்கு டாலருக்குப் பத்து ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021 டிசம்பரில் அறிவித்தார்கள். நாற்பது ரூபாய் இடைவெளியை அது எப்படி அடைக்கும்?

உண்டியலில் டாலர் நாட்டுக்குள் வருவதே இல்லை. தொழிலாளி தன் திர்ஹத்தை அங்குள்ள முகவரிடம் கொடுக்கிறார். இங்குள்ள கூட்டாளி குடும்பத்தின் கையில் ரூபாயைத் தருகிறார். வெளியே சேர்ந்த பணத்தை ஓர் இறக்குமதியாளர் வாங்கி, தன் சரக்குக்கு அங்கேயே கட்டிவிடுகிறார். குடும்பத்தின் நுகர்வு குறையவில்லை. அரிசி, பள்ளிக் கட்டணம், வீடு கட்டும் சிமெண்ட் எல்லாம் வழக்கம்போல. சரக்கும் வந்து சேர்கிறது. ஆனால் எரிபொருளுக்கும் மருந்துக்கும் கடன் கடிதம் திறக்க வேண்டிய வங்கியிடம் டாலர் இல்லை. 2022-இன் பெட்ரோல் வரிசைகளுக்குக் கடன் சுமை முதலிய காரணங்களும் உண்டு. இந்த ஓட்டை அவற்றோடு சேர்ந்துகொண்டது.

2022 மார்ச்சில் ரூபாயை அவிழ்த்துவிட்டபோது சில வாரங்களிலேயே டாலர் 350 ரூபாயைத் தாண்டியது. இறக்குமதிப் பொருள்களின் விலை எகிறி, வெளிநாட்டு வருமானம் இல்லாத வீடுகளை நசுக்கியது. ஆனால் இரண்டு விலைகளுக்கிடையே இருந்த இடைவெளி சுருங்கியதும் பணம் வங்கிக்குத் திரும்பத் தொடங்கியது. 2023-இல் வரவு ஏறத்தாழ 600 கோடி டாலரை எட்டியது. நெருக்கடியில் புதிதாக வெளிநாடு போன லட்சக்கணக்கானோரின் பணமும் அதில் அடக்கம்.

அதே ஆண்டு, 1977-க்குப் பிறகு முதன்முறையாக நடப்புக் கணக்கில் உபரி வந்தது. அதை முழுக்க இந்தப் பணத்தின் பெயரில் எழுதிவிட முடியாது. சுற்றுலாப் பயணிகள் திரும்பினார்கள். வாகன இறக்குமதிக்குத் தடை நீடித்தது. வாங்கும் சக்தி இழந்த மக்கள் இறக்குமதிப் பொருள்களைக் குறைத்துக்கொண்டார்கள்.