ஒரு வரைபடம், ஐந்து நிறம், ஒரு மாவட்டம்

கூட்டத்தில் திரையில் தமிழ்நாட்டு வரைபடம் வருகிறது. மாவட்டத்துக்கு ஒரு நிறம்; சிவப்பு, பச்சை, ஊதா எல்லாம் இருக்கின்றன. பார்ப்பவர்கள் தங்கள் சொந்த ஊரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிடுகிறது. அந்த வரைபடம் என்ன சொல்ல வந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு ஸ்லைடுக்கு ஒரு செய்தி போதும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து, ‘சென்னைக்கு அடுத்து மக்கள் மிக நெருக்கமாக வாழும் மாவட்டம் கன்னியாகுமரி’ என்று காட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அதையே ஸ்லைடின் தலைப்பாகவும் எழுதிவிட வேண்டும். ‘மாவட்டவாரியாக மக்கள்தொகை’ என்று தலைப்பிட்டால், எதைப் பார்ப்பது என்ற வேலையைப் பார்ப்பவர் தலையில் கட்டியதாகிவிடும்.

முதல் சறுக்கல் எண்ணிலேயே நேர்கிறது. மக்கள்தொகையை அப்படியே நிறமாக மாற்றினால் ஏறத்தாழ 34.6 லட்சம் பேர் கொண்ட விழுப்புரம் அடர்ந்த நிறத்திலும், 18.7 லட்சம் பேர் கொண்ட கன்னியாகுமரி வெளிறியும் தெரியும். ஆனால் அன்றைய விழுப்புரம் 7,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டிய பெரிய மாவட்டம். கன்னியாகுமரியோ 1,700 சதுர கிலோமீட்டரைக்கூட எட்டாது. பரப்பால் வகுத்துப் பார்த்தால் விழுப்புரத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 480 பேர், கன்னியாகுமரியில் சுமார் 1,110 பேர். படம் தலைகீழாகிவிடுகிறது. பரப்பை நிறத்தால் நிரப்பும் வரைபடத்துக்கு அடர்த்தி, விழுக்காடு, ஆயிரம் பேருக்கு இத்தனை என்பது போன்ற விகிதங்கள்தான் பொருந்தும். மொத்த எண்ணிக்கையைத்தான் காட்டியாக வேண்டும் என்றால், சிறிதும் பெரிதுமான வட்டங்களை வரைபடத்தின் மேல் வைக்கலாம்.

அடுத்து நிற அளவுகோல். இங்கேதான் சென்னை எல்லாவற்றையும் கெடுக்கும். அங்கே அடர்த்தி 26,000க்கும் மேல். அதற்கு அடுத்த கன்னியாகுமரியிலேயே 1,110தான். QGIS போன்ற மென்பொருளில் Equal Interval என்பதைத் தேர்ந்தெடுத்தால், பூஜ்யத்தை ஒட்டித் தொடங்கி உச்சம்வரை சமமான ஐந்து துண்டுகளாக வெட்டிவிடும். ஒரு துண்டு ஐயாயிரத்தைத் தாண்டும். சென்னை ஒரு புள்ளியாகக் கறுத்திருக்கும், மற்ற 31 மாவட்டங்களும் ஒரே வெளிர் நிறத்தில் கிடக்கும், நடுவில் உள்ள மூன்று நிறங்கள் படத்தில் எங்குமே இருக்காது. நிறக்குறிப்பில் இருக்கும் நிறம் படத்தில் இல்லை என்றால், வகுப்புகளைத் தவறாகப் பிரித்திருக்கிறோம் என்று உடனே புரிந்துகொள்ளலாம்.

அதனால் எல்லைகளைக் கையால் வைப்பதே நல்லது. 400க்குக் கீழ், 400 முதல் 499, 500 முதல் 749, 750 முதல் 1,200, அதற்குமேல் சென்னை மட்டும். ‘400–500, 500–750’ என்று எழுதினால், சரியாக 500 எந்த வகுப்பு என்ற குழப்பம் வரும். கடைசி இரண்டு வகுப்புகளுக்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதை மறைக்காமல், ‘26,000க்கு மேல் (சென்னை)’ என்றே நிறக்குறிப்பில் போட வேண்டும்.

நிறம் ஒரே குடும்பத்தில் இருக்கட்டும்: வெளிர் நீலத்தில் தொடங்கி அடர் நீலம் வரை. எண் ஏற ஏற நிறமும் அடர வேண்டும். வானவில் நிறங்களில் மஞ்சள் பெரிதா, பச்சை பெரிதா என்று கண்ணுக்குத் தெரியாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களும் கூட்டத்தில் இருப்பார்கள். புரொஜெக்டர் வெளிர் நிறங்களை இன்னும் வெளிற வைக்கும். ஆகவே முதல் வகுப்புக்கே வெள்ளையை விடச் சற்று அழுத்தமான நிறம் கொடுக்க வேண்டும். படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, ஐந்து வகுப்பும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்த்துவிடலாம்.

கன்னியாகுமரியை எடுத்துக்காட்ட ஆரஞ்சு நிறம் பூசத் தோன்றும். பூசக்கூடாது. நிறம் இங்கே அடர்த்தியைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆரஞ்சு பூசினால் அந்த மாவட்டத்தின் வகுப்பு மறைந்துவிடும். உள்ளே இருக்கும் நீலத்தை அப்படியே விட்டு, எல்லைக்கோட்டை மட்டும் ஆரஞ்சில் தடிப்பாக்கலாம். மற்ற மாவட்டங்களின் எல்லை மெல்லிய வெள்ளைக் கோடாக இருக்கட்டும். திருவள்ளூர், காஞ்சிபுரம், மதுரை மூன்றும் கன்னியாகுமரியின் வகுப்பில்தான் இருக்கின்றன. இந்த ஒற்றைக் கோடுதான் அதைப் பிரித்துக் காட்டுகிறது. மாவட்டம் சிறியது என்பதால் பெயரை உள்ளே திணிக்காமல், கடல் பக்கத்து வெற்றிடத்தில் எழுதி ஒரு கோட்டால் இணைக்கலாம்: ‘கன்னியாகுமரி: 1,111. மாநில அளவில்: 555’. இரு மடங்கு என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும்.

இன்னொரு கண்ணி, வரைபடக் கோப்பு. 2011இல் 32 மாவட்டங்கள், இன்று 38. புதிய கோப்பில் பழைய எண்களை ஏற்றினால் தென்காசி, கள்ளக்குறிச்சி போன்றவை வெற்றாக நிற்கும். அதைவிட மோசம், சுருங்கிப்போன இன்றைய விழுப்புரத்துக்குப் பழைய பெரிய விழுப்புரத்தின் எண் ஏறிவிடும். பார்த்தால் தெரியவே தெரியாது. அந்த ஆண்டின் எல்லைகளையே எடுத்து, ஆண்டை ஸ்லைடின் அடியில் எழுத வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் இந்தப் படம் மாவட்டச் சராசரியை மட்டுமே காட்டும். கன்னியாகுமரியில் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடும் உண்டு. ஆளில்லாத அந்தக் காட்டுக்கும் கடலோரச் சிற்றூர்களுக்கும் ஒரே நீலம்தான் விழுந்திருக்கும். மாவட்டத்துக்குள் மக்கள் எங்கே நெருங்கி வாழ்கிறார்கள் என்று யாராவது கேட்டால், வட்டவாரியான எண்களைக் கொண்டு வேறொரு வரைபடம் போட வேண்டும்.