வாடகை பாக்கிக்கு ஒரு நோட்டீஸ்

வாடகை பாக்கி வைத்திருக்கும் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரர் அனுப்பும் நோட்டீஸால் மட்டும் யாரையும் வீட்டிலிருந்து வெளியேற்ற முடியாது. காலி செய்யச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கே உண்டு. பாக்கி எவ்வளவு, அது எந்தெந்த மாதத்துக்கு உரியது, கட்ட எவ்வளவு அவகாசம், கட்டாவிட்டால் என்ன நடக்கும் என்பதைக் குடித்தனக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பதுதான் நோட்டீஸின் வேலை. பின்னால் வழக்கு என்று போனால் நீதிபதி முதலில் எடுத்துப் படிக்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று. ஆகவே அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் நிரூபிக்க முடிய வேண்டும். கோபத்தில் எழுதிய நோட்டீஸ்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் இந்த விவகாரத்தை ஆள்வது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். சொத்து உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் இந்தச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு இருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, வாடகை கொடுக்காதது வேண்டுமென்றே செய்த தவறு என்று வீட்டுக்காரர் காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லை வைத்தே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. புதிய சட்டத்தின் 21-ஆவது பிரிவு கணக்கைச் சுருக்கிவிட்டது. இரண்டு மாத வாடகையும் மற்றக் கட்டணங்களும் பாக்கி இருக்க வேண்டும். அதைக் கேட்டு நோட்டீஸ் சேர்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். சேர்ந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு முழுத் தொகையும் வந்திருக்கக் கூடாது. இம்மூன்றும் இருந்தால் வெளியேற்றக் கோரி வாடகை நீதிமன்றத்தில் மனு போடலாம். இருந்தும், 'வேண்டுமென்றே' என்று நான்கு இடத்தில் எழுதிய பழைய மாதிரிப் படிவத்தையே நகல் எடுத்து அனுப்பும் வழக்கம் இன்னும் போகவில்லை. கிராமப்புறத்தில் இருக்கும் சாதாரண வாடகை வீட்டுக்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பொருந்தும். மாத வாடகை ஏற்பாட்டை முடித்துக்கொள்ள அச்சட்டத்தின் 106-ஆவது பிரிவு பதினைந்து நாள் நோட்டீஸ் கேட்கிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால் எடுத்துப் பார்க்க வேண்டியது வாடகை ஒப்பந்தம். 2017 சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சிலேயே குடிவைத்த வீடு என்றாலும், பழைய ஒப்பந்தம் காலாவதியாகிப் புதுப்பிக்காமல் விட்டிருந்தாலும் வழக்கு போகும் பாதையே மாறக்கூடும். எழுத்து ஒப்பந்தம் ஏற்படாமல் போனதும் அதே 21-ஆவது பிரிவில் தனிக் காரணமாக இருக்கிறது. இந்த நிலையில் நோட்டீஸ் எழுதும் முன்பே வழக்கறிஞரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒப்பந்தம் ஒழுங்காக இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். மாத வாடகை 14,000 ரூபாய். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அந்த மாத வாடகையைத் தர வேண்டும். தாமதித்தால் மாதத்துக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஜூன் வாடகை வரவில்லை. ஜூலை 5-ஆம் தேதி 5,000 ரூபாய் மட்டும் வங்கிக் கணக்குக்கு வந்தது. அதன் பிறகு ஜூலை வாடகையும் வரவில்லை, ஆகஸ்ட் வாடகையும் வரவில்லை. ஆகஸ்ட் 10-ஆம் தேதி வீட்டுக்காரர் நோட்டீஸ் அனுப்ப முடிவு செய்கிறார்.

'மூன்று மாத பாக்கி 42,000 ரூபாய்' என்று எழுதத்தான் கை வரும். ஆனால் அது பொய்க் கணக்கு. வந்த 5,000 ரூபாயை ஜூன் வாடகையில் கழித்தால் ஜூனுக்கு நிற்பது 9,000. ஜூலைக்கு 14,000, ஆகஸ்ட்டுக்கு 14,000. ஆக மொத்தம் 37,000. வட்டியைப் பார்த்தால், ஜூன் வாடகை முழுதாக ஒரு மாதம் நின்றதற்கு 140 ரூபாய், மிச்சம் 9,000 இன்னொரு மாதம் நின்றதற்கு 90 ரூபாய், ஜூலை வாடகை ஒரு மாதம் நின்றதற்கு 140 ரூபாய். ஆகஸ்ட் 5 வரைக்கும் வட்டி 370 ரூபாய். நோட்டீஸில் வர வேண்டிய தொகை 37,370 ரூபாய். குடித்தனக்காரர் தம் வங்கிக் கணக்கின் நகலை நீட்டி 'ஐயாயிரத்தைக் கொடுத்ததையே மறைத்துவிட்டார்' என்று சொன்னால், அந்த வழக்கில் வீட்டுக்காரரின் மற்றச் சொற்களுக்கும் மதிப்புக் குறையும். மின்கட்டணம், தண்ணீர்க் கட்டணம் பாக்கி இருந்தால் அதைத் தனியாக, எந்த மாதத்து பில் என்று குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். வெள்ளையடித்த செலவு, உடைந்த குழாய் என்று ஒப்பந்தத்தில் இல்லாததை எல்லாம் வாடகை பாக்கியோடு கலக்கக் கூடாது.

அட்வான்ஸைப் பற்றிய கேள்வி இங்கே தவறாமல் எழும். சென்னையில் பத்து மாத வாடகையை முன்பணமாக வாங்குவது பழைய பழக்கம். வேறு ஒப்புதல் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது புதிய சட்டம். 'அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்' என்பதே குடித்தனக்காரர் பதிலில் வரும் முதல் வரியாக இருக்கும். கையில் பெரிய தொகையை வைத்துக்கொண்டு சின்ன பாக்கிக்காக வெளியேற்றக் கேட்ட வீட்டுக்காரர்களிடம் பழைய சட்டக் காலத்தில் நீதிமன்றங்கள் கடுமையாகவே கேள்வி கேட்டன. ஆகவே எவ்வளவு முன்பணம் இருக்கிறது, ஒப்பந்தப்படி அது எப்போது திருப்பித் தரப்படும் என்பதை நோட்டீஸிலேயே ஒளிக்காமல் சொல்லிவிடுவது வீட்டுக்காரருக்குத்தான் பாதுகாப்பு.

கணக்கு சரியாகிவிட்டால் எழுதுவது கஷ்டமில்லை. வீட்டின் முழு முகவரி, ஒப்பந்தத்தின் தேதி, வாடகைத் தொகை, பாக்கிக் கணக்கு ஆகியவற்றை வரிசையாகச் சொன்ன பிறகு வரும் முக்கியமான பத்தி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மேற்கண்ட கணக்கின்படி 05.08.2025 வரை தாங்கள் செலுத்த வேண்டிய வாடகை பாக்கியும் வட்டியும் சேர்ந்து ரூ. 37,370 ஆகும். இந்த நோட்டீஸ் கிடைக்கப்பெற்ற நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேற்படித் தொகை முழுவதையும், அதுவரை சேரும் வட்டியோடு செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு செலுத்தத் தவறும் பட்சத்தில் வாடகை ஏற்பாடு அத்துடன் முடிவுக்கு வந்ததாகக் கொண்டு, மேற்படி வீட்டைக் காலி செய்து சுவாதீனத்தை என்னிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் சட்டப்படி நடவடிக்கை எடுப்பேன். அதற்கான செலவுக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள்."

இதில் கெடு தொடங்குவது நோட்டீஸ் எழுதிய தேதியிலிருந்து அல்ல, கிடைத்த தேதியிலிருந்து. ஆகஸ்ட் 10-இல் அனுப்பியது 13-இல் கிடைத்தால் ஒரு மாதம் அங்கிருந்துதான் ஓடும். 'ஏழு நாளில் கட்டு, இல்லையேல் வெளியே போ' என்று எழுதினால் கேட்க மிரட்டலாக இருக்கும். சட்டம் தந்த அவகாசத்தைக் குறைத்த நோட்டீஸ் என்று எதிர்த் தரப்பு வக்கீல் சொல்ல வழி திறந்துவிடும். மரியாதையான 'தாங்கள்' இந்த நோட்டீஸின் கண்டிப்பைத் துளியும் குறைக்கவில்லை. கண்டிப்பு தொகையிலும் தேதியிலும் இருக்கிறது.

எழுதவே கூடாதவையும் சில உண்டு. மின்சாரத்தைத் துண்டிப்பேன், தண்ணீரை நிறுத்துவேன், பூட்டு போடுவேன், சாமான்களைத் தெருவில் வைப்பேன் என்பவை அவற்றில் முதன்மையானவை. அத்தியாவசிய வசதிகளை நிறுத்துவதை 2017 சட்டத்தின் 20-ஆவது பிரிவு தடுக்கிறது. அப்படிச் செய்தால் குடித்தனக்காரர் வாடகை அதிகாரியிடம் போகலாம். பாக்கி வைத்தவர் புகார்தாரராகவும், பணம் வர வேண்டியவர் பதில் சொல்பவராகவும் இடம் மாறிவிடுவார்கள்.

யார் பெயரில் அனுப்புவது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒப்பந்தத்தில் வீட்டு உரிமையாளராகக் கையெழுத்திட்டவர் மனைவி, நோட்டீஸ் அனுப்புவது கணவர் என்றால் முதல் அடியே தப்பு. உரிமையாளர் கையெழுத்திட வேண்டும், அல்லது அவர் சார்பில் அதிகாரம் பெற்றவரோ வழக்கறிஞரோ கையெழுத்திட வேண்டும். பெறுபவரும் ஒப்பந்தத்தில் உள்ள வாடகைதாரராகவே இருக்க வேண்டும். வாடகையைக் கையில் கொண்டுவந்து தரும் மகன் பெயரில் அனுப்பிப் பயனில்லை.

சேர்ப்பிக்கும் முறைக்குப் புதிய சட்டம் 106-ஆவது பிரிவையே கைகாட்டுகிறது. தபாலில் அனுப்பலாம்; நேரில் அவரிடமோ, வீட்டில் உள்ள குடும்பத்தாரிடமோ, வேலையாளிடமோ தரலாம்; இவை முடியாதபோது வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். வழக்கமான வழி ஒப்புகை அட்டையோடு கூடிய பதிவுத் தபால். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைக்கப்பட்டதால், அஞ்சலகத்தில் பதிவு, ஒப்புகை இரண்டையும் கேட்டு வாங்க வேண்டும். சென்னையில் கதவு எண் பழையது, புதியது இரண்டையும் எழுதாததால் திரும்பி வந்த உறைகள் ஏராளம். சரியான முகவரிக்குப் போன தபாலை வாங்க மறுத்தால் அது சேர்ந்ததாகவே பொதுவாகக் கொள்ளப்படும். அப்படி 'வாங்க மறுத்தார்' என்ற குறிப்போடு திரும்பிய உறையைப் பிரிக்கவே கூடாது. ஒட்டிய நிலையிலேயே அதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.

நோட்டீஸ் போன பிறகு வீட்டுக்காரர் நடந்துகொள்ளும் விதத்தாலும் வழக்கு கெடலாம். குடித்தனக்காரர் முழுத் தொகையையும் ஒரு மாதத்துக்குள் கொண்டுவந்தால் வாங்கிக்கொண்டு ரசீது தர வேண்டும். காலி செய்ய வைக்கும் ஆசையில் மறுத்தால், அவர் வாடகை அதிகாரியிடம் பணத்தைச் செலுத்திவிடலாம். பாக்கி என்ற காரணம் அங்கேயே விழுந்துவிடும். ஒருமுறை இப்படித் தப்பித்தவர் அடுத்த ஓராண்டில் மறுபடி தொடர்ந்து இரண்டு மாதம் வாடகை தராவிட்டால், அந்தச் சலுகையை இரண்டாம் தடவை கேட்க முடியாது.

கெடு முடிந்த பிறகு செப்டம்பர் கடைசியில் ஒரு நாள் வெறும் 14,000 ரூபாய் மட்டும் கணக்கில் வந்து விழுவது இதைவிடச் சிக்கலானது. செல்போனில் பணம் அனுப்பும் காலத்தில் வேண்டாம் என்று தடுக்கவும் வழியில்லை. பேசாமல் வைத்துக்கொண்டால், புதிய மாத வாடகையை வாங்கி நோட்டீஸைக் கைவிட்டுவிட்டார் என்ற வாதத்துக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 113-ஆவது பிரிவு இடம் தருகிறது. வந்த தொகை ஜூன், ஜூலை பாக்கியில் வரவு வைக்கப்பட்டது, நோட்டீஸின்படியான உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை என்று உடனே ஒரு கடிதம் அனுப்பி, அதன் நகலையும் தபால் ரசீதையும் முதல் நோட்டீஸோடு சேர்த்து வைக்க வேண்டும்.