நேம் பிளேட் போட்டோவைப் படிப்பது எப்படி?

மின்சாதனத்தின் முதுகிலோ அடியிலோ இருக்கும் சிறிய தகடுதான் நேம் பிளேட். அந்தச் சாதனம் எந்த மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது, எவ்வளவு இழுக்கும், எந்தத் தரநிலைக்கு உட்பட்டது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுப் பக்கம் வாடகை அறையில் இருப்பவர் வாங்கும் ஹீட்டர் ராடாக இருந்தாலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறைக்கு வரும் பழைய பெஞ்ச் கிரைண்டராக இருந்தாலும், பொருளுக்கு முன்னால் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்துவிடுகிறது. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தகட்டின் போட்டோவை.

போட்டோவை எடுப்பதிலும் ஒரு பக்குவம் உண்டு. தகட்டுக்கு நேர் எதிரே ஃபிளாஷ் அடித்தால் நடுவில் வெள்ளையாகப் பளபளத்து எண்கள் மறைந்துபோகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, பக்கவாட்டில் டார்ச் பிடித்து எடுத்தால், தகட்டில் அழுத்திப் பதித்த எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து எண் எழுந்து நிற்கும். பெயிண்ட் பூசி மறைந்த தகட்டில்கூட இது பெரும்பாலும் பலிக்கும்.

ஹீட்டர் ராடின் தகட்டிலிருந்து தொடங்கலாம். `230V~ 50Hz 1500W` என்று இருக்கும். முதல் எண் வோல்டேஜ். தமிழ்நாட்டில் வீட்டு லைன் 230 வோல்ட். த்ரீ ஃபேஸ் மோட்டார் தகடுகளில் 415 அல்லது 400 என்று இருக்கும். V-க்குப் பக்கத்தில் உள்ள அலைக்குறி, இது ஏசி மின்சாரத்துக்கானது என்கிறது. கடைசி எண் வாட், அதாவது எவ்வளவு மின்சாரம் தின்னும் என்பது.

இந்த மூன்றில் போட்டோவில் அடிக்கடி அழிந்து தெரிவது வாட். 1-க்கு அடுத்த இலக்கம் 0-வா 5-ஆ என்று புரியாது. அப்போது தகட்டில் ஆம்பியர் இருந்தால் அது கைகொடுக்கும். ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி போன்ற சூடேற்றும் சாதனங்களில் வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட் கிடைக்கும். தகட்டில் `6.5A` தெரிந்தால், 230-ஐ 6.5-ஆல் பெருக்க 1495 வருகிறது. ஆக அது 1500 வாட். 4.3 ஆம்பியர் என்றிருந்தால் 1000 வாட். மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. மோட்டார் தகட்டில் எழுதும் வாட், பெரும்பாலும் தண்டில் கிடைக்கும் திறன்; லைனிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம்.

ஆம்பியர் தெரிந்துவிட்டால் பிளக் விஷயமும் தீர்ந்தது. 1500 வாட் ராடு 6.5 ஆம்பியர் இழுக்கிறது. வாடகை அறைகளில் சுவரில் இருக்கும் சிறிய சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. அந்த ராடை அதில் தினமும் அரை மணி நேரம் போட்டால், சாக்கெட்டின் உள்ளே பித்தளைப் பிடி சூடேறித் தளர்ந்து, நாளாக ஆகப் பிளாஸ்டிக் பழுப்பேறும். சிறிய சாக்கெட் மட்டும் இருக்கும் அறைக்கு 1000 வாட் ராடுதான் ஏற்றது.

நடுவில் உள்ள `50Hz`-ஐத்தான் பலரும் படிப்பதில்லை. சூடேற்றும் சாதனத்துக்கு அதனால் பெரிதாக ஒன்றும் வராது. மோட்டார் உள்ள சாதனத்தில்தான் விவகாரம். சவுதியில் வேலை பார்த்துத் திரும்புகிறவர் கொண்டுவந்த பெஞ்ச் கிரைண்டர் ஒன்று விற்பனைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தகட்டில் `220V 60Hz 3450 RPM`. இங்கே 230, தகட்டில் 220, கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று வோல்ட்டோடு நின்றுவிட்டால் தவறு அங்கேதான் நடக்கிறது. சவுதியில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இந்தியாவில் 50.

மோட்டாரின் இரும்பு எவ்வளவு காந்தம் தாங்க வேண்டும் என்பதை வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பார்த்தால் தெரியும். 220-ஐ 60-ஆல் வகுத்தால் 3.67. அந்த அளவுக்குத்தான் அந்த மோட்டார் செய்யப்பட்டது. இங்கே 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6. கால் பங்கு அதிகம். இரும்பு காந்தத்தால் நிறைந்துவிடும். அதற்கு மேல் காந்தம் ஏறாமல் கரண்ட் மட்டும் ஏறும். மெஷினில் வேலையே கொடுக்காமல் சும்மா ஓடவிட்டாலும் உடம்பு கொதிக்கும், ஒரு ரீங்காரம் கேட்கும், பிறகு வார்னிஷ் கருகும் வாடை வரும். அதற்குமேலும் ஓட்டினால் காயில் போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வோல்ட்டை 183 அளவுக்கு இறக்கிக் கொடுத்தால் மோட்டார் தப்பிக்கும். ஆனால் வேகமும் திறனும் ஆறில் ஒரு பங்கு குறைந்தே இருக்கும்.

ஹெர்ட்ஸ் எண் அழிந்திருந்தால் வேகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கிரைண்டர் தகட்டில் 2850-ஐ ஒட்டி இருந்தால் 50 ஹெர்ட்ஸ், 3450-ஐ ஒட்டி இருந்தால் 60. அதைவிட மெதுவாக ஓடும் நான்கு போல் மோட்டாரில் 1440 என்றால் 50, 1725 அல்லது 1750 என்றால் 60. மிக்ஸி, கை டிரில் போன்ற கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்களுக்கு இந்த வழி பொருந்தாது. அவற்றுக்கு ஹெர்ட்ஸ் மாறினாலும் அவ்வளவாகக் கெடுதல் இல்லை.

எண்களுக்குப் பிறகு முத்திரைகள். ஐஎஸ்ஐ முத்திரை என்பது படம் மட்டும் அல்ல. படத்தின் மேலே தரநிலை எண்ணும், கீழே `CM/L` என்று தொடங்கும் உரிம எண்ணும் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத வெறும் படத்துக்கு மதிப்பில்லை. ஹீட்டர் ராடுக்கு மேலே `IS 302-2-201` என்றும், இஸ்திரிப்பெட்டிக்கு `IS 302-2-3` என்றும் இருக்கும். கும்மிடிப்பூண்டியில் இந்த முத்திரையைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. அங்குள்ள ரோலிங் மில்களிலிருந்து வரும் டிஎம்டி கம்பியிலும் இதே முத்திரைதான், மேலே `IS 1786` என்று இருக்கும். முத்திரை ஒன்றாக இருந்தாலும் எந்தப் பொருளுக்கு என்று சொல்வது மேலே உள்ள எண்.

கீழே உள்ள எண்ணைச் சோதிக்க BIS Care என்ற செயலியில் `Verify Licence Details` பகுதி இருக்கிறது. எண்ணைத் தட்டினால் உரிமம் யாருடையது, எந்த முகவரி, எந்தப் பொருளுக்கு, இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று காட்டும். ராடு தகட்டின் எண்ணைத் தட்டும்போது வேறு ஏதோ பொருளோ வேறு பிராண்டோ வந்தால் முத்திரை போலி. எண் தேறினாலும், உண்மையான எண்ணை நகலெடுத்துப் போலிப் பொருளில் அச்சிட்டிருக்க வாய்ப்பு உண்டு. ஆகவே தகட்டில் உள்ள தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் செயலி காட்டுவதோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜர், அடாப்டர் போன்றவற்றில் `CM/L` இருக்காது. `R-` என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதே செயலியில் அதற்குத் தனி இடம் உண்டு.

`CE` என்ற குறி ஐரோப்பியச் சந்தைக்கானது. பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்கு அதைத் தயாரிப்பாளரே தன் பொறுப்பில் போட்டுக்கொள்கிறார். `UL` அமெரிக்கச் சோதனை நிறுவனத்தின் குறி. அது உள்ள தகட்டில் வோல்ட் 120-ஆக இருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். 120 வோல்ட்டுக்கான 1500 வாட் இஸ்திரிப்பெட்டியை 230-ல் செருகினால், செருகிய நொடியில் அது ஏறக்குறைய 5500 வாட் இழுக்கும். ஃபியூஸ் முந்திக்கொள்ளாவிட்டால் காயில் எரியும். நட்சத்திரங்கள் போட்ட லேபிள் மின்சாரச் சிக்கனத்துக்கு. ஐஎஸ்ஐ முத்திரைக்கு அது மாற்று ஆகாது.

ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சதுரம் இருந்தால், அது இரட்டைக் காப்பு உள்ள சாதனம்; எர்த் இல்லாத இரண்டு பின் பிளக் போதும். உலோக உடம்பு இருந்து அந்தச் சதுரம் இல்லை என்றால் மூன்று பின் பிளக்கும், சாக்கெட்டில் உண்மையாகவே இணைத்த எர்த்தும் வேண்டும். தண்ணீருக்குள் இறங்கும் ராடு இந்த இரண்டாவது வகை. எர்த் இருக்கிறதா என்பதை எந்தப் போட்டோவும் காட்டாது. அதை அந்த அறையின் சாக்கெட்டில் எலெக்ட்ரீஷியன்தான் சோதித்துச் சொல்ல வேண்டும்.