நீங்க பாஸ்கர்தானே?

செகாவ் 1883-இல் எழுதிய ஒரு சிறுகதையில், பள்ளிக்கால நண்பர்கள் இருவர் பல ஆண்டுகள் கழித்து ரயில் நிலையத்தில் எதிர்ப்படுகிறார்கள். ஒருவன் குண்டு, இன்னொருவன் ஒல்லி. குண்டன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், ஒல்லியன் திரும்புகிறான், உடனே கட்டிக்கொள்கிறார்கள். அடையாளம் காணும் வேலைக்கு அவர் அதற்கு மேல் இடம் ஒதுக்கவில்லை. அதற்குப் பிறகு வருகிற பதவி விவகாரத்தில்தான் அவருக்கு அக்கறை.

இந்த விஷயத்தில் ஓ. ஹென்றி இன்னும் கவனமானவர் என்பது என் எண்ணம். 20 ஆண்டு கழித்து இதே இடத்தில், இதே நேரத்தில் சந்திப்போம் என்று இரண்டு நண்பர்கள் பேசிவைத்துக்கொண்ட கதை அவருடையது. சொன்னபடி ஒருவன் வந்து இருட்டில் காத்திருக்கிறான். உயரமான ஓர் ஆள் வந்து அவன் பெயரைச் சொல்லி விசாரிக்கிறான். இருவரும் கைகோத்துப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். விளக்கு வெளிச்சம் உள்ள கடைக்கு வந்த பிறகுதான் மூக்கைப் பார்க்கிறான்: இது நண்பனின் மூக்கே இல்லை. கூட வந்தவன் போலீஸ்காரன். அதுவரை அந்நியன் ஒருவனை நண்பன் என்று எப்படி நம்பினான்? இடம் சரி, நேரம் சரி, பெயரும் சரி. அவ்வளவும் பொருந்திவிட்ட பிறகு முகத்தைச் சரிபார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

ரயில் நிலையத்தில் தற்செயலாகப் பார்க்கும்போது நிலைமை நேர் எதிர். இடமும் நேரமும் எந்த உதவியும் செய்யாது. முகம் மட்டும்தான். அப்போது மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கதையையே கட்டிப்பார்க்கலாம்.

ஒருவரை வைத்துக்கொள்வோம். சண்முகம், வயது 44. விழுப்புரம் ஜங்ஷனில் திருச்சிப் பக்கம் போகிற வண்டிக்காக நிற்கிறார். டீக்கடைக்கு முன்னால் ஓர் ஆள் தலையை இடப்பக்கம் சாய்த்து டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருக்கிறார். பார்த்த மாத்திரத்தில் சண்முகத்துக்குப் பளிச்சென்கிறது. இது தெரிந்த முகம். யார் என்பது வரவில்லை. ஆபீஸா? இல்லை. மச்சினன் கல்யாணத்திலா? அங்கேயும் இல்லை. கொஞ்ச நேரம் துழாவிய பிறகு, தலையைச் சாய்த்து நிற்கிற அந்தத் தோரணை ஒரு பெயரைக் கொண்டுவந்து போடுகிறது. பாஸ்கர்! எட்டாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன். அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டுப் போனவன். 30 வருஷம் ஆகிவிட்டது.

இங்கே நடந்தது ஒரு காரியம் அல்ல, இரண்டு. ‘தெரிந்த முகம்’ என்ற உணர்வு ஒன்று. ‘இவர் இன்னார்’ என்ற தகவல் இன்னொன்று. முதலாவது வந்துவிட்டு இரண்டாவது வராமல் நிற்பதுண்டு. ஜார்ஜ் மாண்ட்லர் என்ற உளவியலாளர் 1980-இல் இதற்கு ஓர் உதாரணம் சொன்னார். கறிக்கடையில் தினம் பார்க்கிற ஆளைப் பேருந்தில் பார்த்தால், நன்றாகத் தெரிந்த முகம் என்று நிச்சயமாகத் தெரியும். ஆனால் கடையும் கத்தியும் இல்லாமல் அவர் யாரென்று பிடிபடாது. பெயர் இந்த இரண்டுக்கும் பின்னால், கடைசியாக வருகிறது. ஆண்ட்ரூ யங், டென்னிஸ் ஹே, ஆண்ட்ரூ எல்லிஸ் ஆகியோர் பிரிட்டனில் 22 பேரைச் சில வாரங்களுக்கு டைரி எழுதச் சொன்னார்கள். ஆளை அடையாளம் காண்பதில் வந்த தடுமாற்றங்களை எல்லாம் அன்றன்றே குறிக்க வேண்டும். 1985-இல் வெளியான அந்த ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட தடுமாற்றங்கள் சேர்ந்தன. அவற்றில் அதிகம், ஒருவரை இன்னொருவராக எண்ணிவிட்டது. முகம் மட்டும் தெரிந்து யாரென்று தெரியாமல் போனதும் நிறைய. ஆனால் யாரென்றே தெரியாமல் பெயர் மட்டும் ஞாபகத்துக்கு வந்ததாக ஒரு சம்பவம்கூட இல்லை.

சண்முகத்துக்குப் பெயர் வந்துவிட்டது. அதனால் உறுதியும் வந்துவிட்டது. இந்த உறுதியை எவ்வளவு நம்பலாம்?

பள்ளித் தோழர்களின் முகம் எத்தனை காலம் நினைவில் நிற்கும் என்பதை ஹாரி பாரிக்கும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டார்கள். பள்ளிப்படிப்பை முடித்த 392 பேர் அதில் கலந்துகொண்டார்கள். சிலர் அப்போதுதான் முடித்தவர்கள், சிலர் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பு முடித்தவர்கள். ஐந்து படங்களைக் காட்டி, உங்களோடு படித்தவர் இதில் யார் என்று கேட்டால், முப்பது ஆண்டுகள் தாண்டியவர்கள்கூட நூற்றுக்குத் தொண்ணூறு தடவை சரியாகச் சொன்னார்கள். சண்முகம் கேட்டால் மகிழ்ந்துபோவார். ஆனால் காட்டப்பட்டவை பள்ளி ஆண்டு மலரில் வந்த பழைய படங்கள். அதாவது, நினைவிலிருந்த அதே வயது முகம். இன்றைய முகத்தைக் காட்டி யாரும் கேட்கவில்லை. 25-ஆம் ஆண்டுச் சந்திப்புக்கு வந்தவர்களிடம் பழைய படத்தையும் புதிய படத்தையும் கொடுத்து ஜோடி சேர்க்கச் சொன்ன ஆய்வு ஒன்று 1991-இல் வந்தது. கூடப் படித்தவர்கள், அந்த முகங்களை முன்பின் பார்த்திராதவர்களைவிட நன்றாகவே சேர்த்தார்கள். என்றாலும் தவறுகளுக்குப் பஞ்சமில்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. அவர்கள் எல்லாம் பதினேழு பதினெட்டு வயது முகத்தை நினைவில் வைத்திருந்தவர்கள். சண்முகத்திடம் இருப்பது 14 வயது முகம். அந்த வயதில் மண்டை ஏறக்குறைய முழு அளவை எட்டியிருக்கும், கீழ்முகம் எட்டியிருக்காது. ஆண் பிள்ளைகளுக்குத் தாடை அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் கீழாகவும் முன்னாகவும் வளரும். மூக்கும் நீளும். கண் பெரிதாக வளராததால், சுற்றிலும் முகம் வளர வளர அது சிறுத்ததுபோல் தெரியும். பிறகு நடுவயதில் மேல் இமை தொங்கும், உதடு மெலியும், முன்தலை மயிர் போகும். காதுகூட விடுவதில்லை. முப்பது வயதைத் தாண்டியவர்களின் காதுகளை அளந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர், சராசரியாக ஆண்டுக்கு 0.22 மி.மீ. நீளுவதாக 1995-இல் கணக்குச் சொன்னார்.

நன்கு பழகியவர்களை நாம் தலைமுடி, முகத்தின் சுற்றுவட்டம் இவற்றைவிடக் கண், மூக்கு, வாய் உள்ள நடுப்பகுதியை வைத்தே எளிதில் அடையாளம் காண்கிறோம். அந்நியர்களிடம் இந்த அனுகூலம் இல்லை. அங்கே முடியும் வெளிவட்டமும் அதே அளவு கவனத்தைப் பறித்துக்கொள்ளும். சண்முகம் எதை வைத்துப் பாஸ்கர் என்று முடிவு செய்தார்? கண்ணையோ வாயையோ வைத்து அல்ல. தலைச் சாய்ப்பை வைத்து. தலையைச் சாய்த்து டீ குடிக்கிறவர்கள் விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனையோ பேர்.

இப்போது அவர் பக்கத்தில் போய்ப் பேசப்போகிறார். பெரும்பாலோர் தப்பு செய்கிற இடம் இது. “நீங்க பாஸ்கர்தானே? எட்டாங்கிளாஸ்ல என்கூடப் படிச்சீங்களே?” என்று ஆரம்பித்தால், பெயரையும் பள்ளியையும் நாமே கொடுத்துவிட்டோம். எதிராளி தாட்சண்யத்துக்காகத் தலையாட்டலாம். ஏமாற்றுகிற ஆளாக இருந்தால் அதற்கு மேலும் போகலாம். ஓ. ஹென்றியின் போலீஸ்காரன் செய்ததும் அதுதானே. நம் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சத்தை அவர் வாயிலிருந்து வரவிட வேண்டும்.

சண்முகம் விவரமானவர் என்று வைத்துக்கொள்வோம்.

“சார், என் பேரு சண்முகம். உங்களை நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருக்கு. எங்கேன்னுதான் பிடிபடலை.”

அந்த ஆள் உற்றுப் பார்க்கிறார். “எனக்கும் உங்களைப் பார்த்த மாதிரிதாங்க இருக்கு. நீங்க எந்த ஊரு?”

“பண்ருட்டி. நீங்க சின்ன வயசுல எங்க படிச்சீங்க?”

“நான் பொறந்து வளர்ந்தது, படிச்சது எல்லாம் ஆரணிங்க. இப்ப கடலூர்ல மெடிக்கல்ல இருக்கேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ல.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “சார், போன வருஷம் உங்கப்பாவுக்கு ஊசி மருந்து வாங்க வருவீங்களே, நீங்கதானே?”

வாரம் இரண்டு முறை மூன்று மாதம் போய் நின்ற கடை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மருந்துச் சீட்டைப் படிக்கத் தலையைச் சாய்க்கிற ஆள். கதை இங்கே திரும்புகிறது. சண்முகத்துக்கு வந்த உணர்வு பொய்யல்ல. முகம் நிஜமாகவே தெரிந்த முகம்தான். அந்த உணர்வுக்குப் போட்ட விலாசம்தான் தவறு. மருந்துக்கடையும் தடுப்பும் இல்லாத இடத்தில் சரியான விவரம் எழும்பவில்லை. யாரென்ற கேள்வி காலியாக நின்றபோது, தலைச் சாய்ப்பைப் பிடித்துக்கொண்டு பாஸ்கர் அங்கே வந்து உட்கார்ந்துவிட்டான். எங்கே பார்த்தோம் என்பது மறந்து, பார்த்தோம் என்பது மட்டும் மிஞ்சும்போது இப்படி நடக்கும். குற்றத்தைப் பார்த்த சாட்சிகள் அடையாள அணிவகுப்பில் சம்பந்தமில்லாத ஆளைச் சுட்டிக்காட்டுவதற்கும் இது ஒரு காரணம். அந்த ஆளை முன்பு வேறெங்கோ, காவல்துறை காட்டிய படத்திலோகூட, பார்த்திருப்பார்கள். சண்முகத்தின் தவறில் யாருக்கும் நஷ்டமில்லை. அங்கே ஒருவர் ஜெயிலுக்குப் போகக்கூடும்.

மருந்துக்கடைக்காரர் சண்முகத்தைக் கண்டுபிடித்த விதத்தையும் பாருங்கள். அவருக்கும் முதலில் வந்தது ‘பார்த்த மாதிரி’ மட்டும்தான். தான் வேலை செய்யும் இடத்தைத் தன் வாயாலேயே சொன்ன பிறகுதான் ஊசி மருந்தும் அப்பாவும் ஞாபகத்துக்கு வந்தார்கள். சண்முகத்தின் பெயர் அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கவில்லை; அடையாளம் காண அது தேவைப்படவும் இல்லை.

சரி, உண்மையான பாஸ்கர் அன்றைக்கு அதே நடைமேடையில் நின்றிருந்தால்? தாடை நீண்டு, முடி உதிர்ந்து, தலையை நேராக வைத்துக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தால், சண்முகம் அவரைத் தாண்டிப் போய்த் தன் வண்டியில் ஏறியிருப்பார். இந்த வகைத் தவறு டைரி ஆய்வுகளில் சரியாகச் சிக்குவதில்லை. அந்தப் பக்கத்து ஆள் கூப்பிட்டுச் சொன்னாலொழிய, ஒருவரைக் கவனிக்காமல் விட்டோம் என்பதே நமக்குத் தெரியாது; தெரியாததை டைரியில் எழுத முடியாது.