டி டிரைவ் எங்கே போனது?

விண்டோஸ் ஓடும் மடிக்கணினியில் உபுண்டுவையும் சேர்த்து நிறுவப் பார்த்து, அது பாதியில் நின்று, மறுபடி விண்டோஸைத் திறந்தால் டி டிரைவையே காணவில்லை. வீட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. இந்த நிலையில் அந்தப் படங்கள் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும். அடுத்த அரை மணி நேரத்தில் நாம் செய்யும் காரியம்தான் அவற்றை உண்மையிலேயே அழித்துவிடக்கூடும். அதனால் முதலில் கணினியை அணைத்துவிட வேண்டும். நிறுவலை மறுபடி முயலக் கூடாது. அந்த இடத்தை ஃபார்மட் செய்யலாமா என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

டிஸ்க்கின் தொடக்கத்தில் ஒரு சிறு பட்டியல் உண்டு. எந்தப் பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்கி எதில் முடிகிறது என்பது மட்டுமே அதில் இருக்கும். இன்றைய கணினிகளில் பயன்படும் ஜிபிடி முறையில் இதன் நகல் ஒன்று டிஸ்க்கின் கடைசியிலும் உண்டு. ஆனால் பார்ட்டிஷனை நாமே அழிக்கும்போது இரண்டிலிருந்தும் பதிவு நீங்கிவிடுவதால் இங்கே அந்த நகல் உதவாது. உதவுவது வேறொன்று. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷன் ஒவ்வொன்றின் முதல் செக்டரிலும் அதன் வகையும் அளவும் எழுதப்பட்டிருக்கும். கடைசி செக்டரில் அதற்கு ஒரு நகலும் இருக்கும். பட்டியலில் பெயர் நீங்கினாலும் இந்த அடையாளங்கள் அங்கேயே கிடக்கும்.

ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். 1 டிபி ஹார்ட் டிஸ்க். சி டிரைவ் போக, டி, இ என்று இரண்டு டிரைவ்கள், ஒவ்வொன்றும் 200 ஜிபி. டி-யில் படங்கள், இ காலி. காலியாக இருப்பதை உபுண்டுவுக்குக் கொடுக்கலாம் என்று பென் டிரைவிலிருந்து உபுண்டுவைத் துவக்கி, ஜிபார்ட்டெட் என்ற கருவியைத் திறக்கிறார் உரிமையாளர். லினக்ஸில் சி, டி, இ என்ற எழுத்துகள் கிடையாது. sda3, sda4, sda5 என்றுதான் திரையில் வரும். அளவும் ஒன்றே. sda5-க்குப் பதிலாக sda4 அழிக்கப்படுகிறது. பிறகு இன்ஸ்டாலர் தொடங்கி, எதையும் ஃபார்மட் செய்யும் முன்பே பிழை காட்டி நின்றுவிடுகிறது. தவறான பார்ட்டிஷன் அழிவதற்கு எழுத்து மாறிப்போகும் இந்தக் குழப்பம் முக்கியமான காரணம். அழிக்கும் முன் அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

மீட்க, அதே பென் டிரைவிலிருந்து உபுண்டுவை நிறுவாமல், 'Try Ubuntu' வழியாக மட்டும் துவக்க வேண்டும். டெஸ்ட்டிஸ்க் என்பது இதற்கென்றே உள்ள இலவச மென்பொருள். கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதியது. இணையத்திலிருந்து அதை இறக்கினால் கணினியின் நினைவகத்தில்தான் உட்காரும், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாது.

```
sudo add-apt-repository -y universe
sudo apt update
sudo apt install testdisk
sudo testdisk
```

டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்ததும் அது பட்டியலின் வகையைக் கேட்கும். 'EFI GPT' என்று தானே கண்டுபிடித்துச் சொன்னால் அதை மாற்ற வேண்டாம். தவறான வகையைக் கொடுத்தால் பின்னால் வருவதெல்லாம் குழம்பும். பிறகு 'Analyse', அதன்பின் 'Quick Search'. சிறிது நேரத்தில் டிஸ்க்கில் தென்பட்ட பார்ட்டிஷன்கள் வரிசையாக வரும். காணாமல் போன 200 ஜிபியும் அதில் இருக்க வேண்டும்.

இங்கே அவசரப்படக் கூடாது. கணினி கடையிலிருந்து வந்தபோது இருந்த பழைய பிரிவுகளின் தடயங்களும் இந்த வரிசையில் வரலாம். நமக்கு வேண்டிய வரியில் நின்று P விசையை அழுத்தினால் உள்ளே இருக்கும் கோப்புறைகள் தெரியும். நம் படங்களின் பெயர்கள் தெரிந்தால் அதுதான் சரியான வரி. அந்தத் திரையிலேயே கோப்புகளைத் தேர்ந்தெடுத்து, வெளியே இணைத்த வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம். பட்டியலைத் திருத்தும் முன் இதைச் செய்துவிடுவதே நல்லது என்பேன், ஏனென்றால் இதுவரை பழுதான டிஸ்க்கில் நாம் எதையும் எழுதவில்லை.

டெஸ்ட்டிஸ்க்கில் 'Write' கொடுத்தால் திரையில் இருக்கும் வரிசை முழுவதும் புதிய பட்டியலாக எழுதப்படும். ஏதாவது ஒரு பார்ட்டிஷன் D, அதாவது அழிக்கப்பட்டது, என்ற குறியோடு நின்றுபோனால் அதுவும் காணாமல் போகும். எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. டெஸ்ட்டிஸ்க் காட்டும் தொடக்க, முடிவு செக்டர் எண்களைத் தாளில் குறித்துக்கொண்டு வெளியே வந்து, இப்போதைய பட்டியலை நகலெடுத்து வைத்த பின், விடுபட்ட ஒரே பதிவை மட்டும் சேர்ப்பது. நம் உதாரணத்தில் அது இப்படி இருக்கும்:

```
sudo sgdisk --backup=old.gpt /dev/sda
sudo sgdisk -n 4:1107296256:1526726655 -t 4:0700 /dev/sda
```

old.gpt கோப்பை உடனே வேறொரு பென் டிரைவுக்கு மாற்றிவிட வேண்டும், கணினியை அணைத்தால் அது போய்விடும். தொடக்க எண் 2048-ஆல் மீதியின்றி வகுபட்டால் பெரும்பாலும் சரியாகக் குறித்திருக்கிறோம். இன்றைய கருவிகள் அந்த எல்லையில்தான் பார்ட்டிஷனைத் தொடங்கும். முடித்து விண்டோஸைத் திறந்தால் டி டிரைவ் திரும்பியிருக்கும்.

இன்ஸ்டாலர் இன்னும் ஒரு படி முன்னேறி, அந்த இடத்தை லினக்ஸுக்கான எக்ஸ்ட்4 முறையில் ஃபார்மட் செய்த பிறகு நின்றிருந்தால் கதை வேறு. முதல் செக்டர் போயிருக்கும். 'Quick Search' புதிய லினக்ஸ் பார்ட்டிஷனை மட்டுமே காட்டலாம். அப்போது 'Deeper Search' கொடுத்தால், கடைசி செக்டரில் உள்ள நகலை வைத்துப் பழைய டி-யைக் கண்டுபிடிக்க வாய்ப்பு உண்டு. ஆனால் P அழுத்தினால் கோப்புகள் தெரியாமல், கோப்பு முறைமை பழுதாகிவிட்டது என்று வரலாம். இந்த நிலையில் எதையும் திருத்தும் முன், முழு டிஸ்க்கையும் அதைவிடப் பெரிய இன்னொரு டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ கொண்டு நகலெடுக்க வேண்டும். திருத்த முயற்சிகள் எல்லாம் அந்த நகலில்தான். டெஸ்ட்டிஸ்க்கின் 'Advanced', 'Boot' பகுதியில் உள்ள 'Backup BS' கடைசி செக்டரின் நகலை முதல் செக்டரில் எழுதும். அதன் பிறகும் சில படங்கள் பெயர் சரியாக இருந்தும் திறக்காது. அவை இருந்த இடத்தில் எக்ஸ்ட்4 தன் குறிப்புகளை எழுதியிருக்கும்.

உபுண்டுவின் கோப்புகளே சில ஜிபி எழுதப்பட்டுவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. கோப்புகளின் பெயரும் இருப்பிடமும் பதிந்த என்டிஎஃப்எஸ்ஸின் அட்டவணை, வழக்கமாகப் பார்ட்டிஷனின் தொடக்கத்திலிருந்து 3 ஜிபி தூரத்தில் ஆரம்பிக்கும். அது போனால், டெஸ்ட்டிஸ்க்கோடு வரும் ஃபோட்டோரெக்தான் கதி. அது ஒவ்வொரு கோப்பு வகையின் தொடக்க அடையாளத்தை வைத்து மேலெழுதப்படாத படங்களைத் தேடி எடுக்கும். பெயர், கோப்புறை எதுவும் இருக்காது. துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்த கோப்புகள் பாதியில் சிதைந்திருக்கும்.

இதெல்லாம் சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு. எஸ்எஸ்டி-யில் பட்டியல் பதிவு மட்டும் போயிருந்தால் மேலே சொன்ன வழியே போதும். ஆனால் எக்ஸ்ட்4 ஃபார்மட் செய்யும் கட்டளை, வேண்டாம் என்று நாம் சொல்லாதவரை, அந்தப் பகுதி முழுவதும் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டி-க்குத் தெரிவித்துவிடும். அதன் பிறகு அந்த இடத்தைப் படித்தால் பெரும்பாலும் பூஜ்ஜியங்களே வரும். 'Deeper Search' எதையும் காட்டாமல், ஃபோட்டோரெக்கும் வெறுங்கையோடு திரும்பினால் அதுதான் நடந்திருக்கிறது. அதன்பின் தேட வேண்டிய இடம் பழைய போன், மெமரி கார்டு, படங்களை அனுப்பிய உறவினரின் கணினி ஆகியவைதான்.