வங்காளச் சேரும் நம் சேரும் ஒன்றல்ல

பழைய வங்காளச் சமையல் புத்தகங்களில் கிராம் கிடையாது. சேர், போவா, சட்டாக் என்றுதான் அளவு இருக்கும். மொழிபெயர்க்கும்போது சேர் என்ற சொல்லை அப்படியே விட்டுவிடத் தோன்றும், நமக்கும் தெரிந்த சொல்தானே என்று. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

வங்காளச் சேர் 80 தோலா எடை, ஏறத்தாழ 933 கிராம். சென்னை மாகாணத்துப் பழைய எடைச் சேர் 24 தோலாதான், அதாவது 280 கிராம். வங்காளச் சேரில் கால் பங்கு ஒரு போவா, பதினாறில் ஒரு பங்கு ஒரு சட்டாக். ஆக, போவா 233 கிராம், சட்டாக் 58 கிராம். இன்றைய பேச்சில் போவா என்றால் 250 கிராம் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

கடுகு அரைத்துச் செய்யும் இலிஷ் மீனுக்கு ஒரு குறிப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: அரை சேர் மீன், அரை சட்டாக் கடுகு, ஒரு சட்டாக் கடுகெண்ணெய். மீனை நம் சேரில் நிறுத்தால் 140 கிராம்தான் வரும். சட்டாக்குக்கு நம்மிடம் பெயர் இல்லாததால் அதைத் தேடிப் பார்த்துச் சரியாக 58 கிராம் என்று போட்டிருப்போம். மீன் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட, கடுகு மட்டும் முழு அளவில் நிற்கும். குழம்பு மூக்கில் ஏறும், மீனின் ருசியே தெரியாது. சரியான கணக்கு இது: மீன் 470 கிராம், கடுகு 30 கிராம், எண்ணெய் 4 மேசைக்கரண்டி.

‘பாட்டா’ என்றால் அரைத்த விழுது, ‘குரோ’ என்றால் தூள். ‘ஷில் நோடா’ நம் அம்மியும் குழவியுமேதான். மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி கூடுதலாக எழுத வேண்டும்: கடுகை ஊறவைத்து, பச்சை மிளகாயும் உப்பும் சேர்த்து, விட்டு விட்டு அரையுங்கள். ஒரே மூச்சில் ஓட்டிச் சூடேறினால் கசந்துவிடும். நாக்கில் தொட்டுப் பார்த்தாலே தெரியும்.

கரண்டிகளில்தான் மொழிபெயர்ப்பாளர்கள் சோம்பல்படுகிறார்கள். ‘ஹாதா’ குழிக்கரண்டி. ‘குந்தி’ தட்டையானது, நம் தோசைத்திருப்பி. இரண்டையும் ‘கரண்டி’ என்று எழுதிவிட்டால், படிக்கிறவர் பொரிகிற மீனைக் குழிக்கரண்டியால் புரட்டி உடைத்துவிடுவார். ‘போன்டி’யில் அந்தச் சங்கடம் இல்லை, அது அச்சு அசல் அரிவாள்மனை.

இலிஷை ஆவியில் வேகவைக்க அங்கே மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அடைப்பார்கள். இங்கே அதே டப்பாவை இட்லிப் பானைக்குள் வைக்கலாம். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் இருந்தால் கால் மணி நேரம் போதும்.

‘பாட்டி’ என்று வந்தால் அது கிண்ணம். அதற்கு நிலையான அளவு கிடையாது. கிராமாக மாற்ற முயலாமல், எல்லாப் பொருளையும் ஒரே கிண்ணத்தால் அளக்கச் சொல்லி எழுதுங்கள்.